நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினம் 12 மனக்கணக்கு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மாடியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைகள்தான் அதிகம். கூட்டிப்போக வரும் பெற்றோர் மாடிப்படியில் நின்று கேட்பதையும், புதுச்சேரியிலிருந்து போனில் கேட்பதையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். சொல்லித் தருவது மூன்றே வேலை: பத்தாக்குவது, இரட்டிப்பது, பாதியாக்குவது. கூடவே முன்னேற்ற அட்டவணை எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு.

"16 வரை வாய்ப்பாடு கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் 48ம் 27ம் எவ்வளவு என்றால் விரலை எடுக்கிறாள். எங்கே ஆரம்பிப்பது?"

ஆறு கேள்வி கேட்டுப் பாருங்கள். பேப்பர், பென்சில் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகக் கேளுங்கள்.

8ம் 7ம் எவ்வளவு? 6 பத்தாக இன்னும் எவ்வளவு வேண்டும்? 26ஐ இரட்டித்தால்? 70ல் பாதி? 52ல் 8 போனால்? 64 ரூபாய்க்கு வாங்கிவிட்டு 100 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதி எவ்வளவு?

பதிலை விடக் கையையும் உதட்டையும் கவனியுங்கள். விரல் மேசைக்கு அடியில் போகிறதா, உதடு "ஒன்பது, பத்து, பதினொன்று" என்று அசைகிறதா? அப்படியென்றால் பதில் சரியாக வந்தாலும் அது ஒவ்வொன்றாக எண்ணி வந்த பதில். வாய்ப்பாடு ஒப்பிப்பது பாட்டுப் பாடுவது மாதிரி. நடுவில் நிறுத்தி "ஏழெட்டு?" என்று கேட்டால் பல பிள்ளைகள் ஏழொண்ணு ஏழிலிருந்து பாடிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அதனால் ஒப்பிக்கத் தெரிந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

என் வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் தடுக்கி விழுவது 70ன் பாதியிலும் 100க்கு மீதியிலும்தான். ஆனாலும் ஆரம்பிப்பது பத்தாக்குவதிலிருந்து. 26ஐ இரட்டிக்கும்போது 40ம் 12ம் சேர வேண்டும். அங்கேயே விரல் வந்துவிட்டால் இரட்டிப்பு கைக்கு வராது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? எத்தனை கணக்கு?"

எட்டிலிருந்து பத்து நிமிடம், 12 கணக்கு. பத்தாக்கல் 4, இரட்டிப்பு 4, பாதி 4. வாரத்தில் ஐந்து நாள் போதும், சனிக்கிழமை பழையதைப் பார்க்கிற நாள். 12ல் எட்டு ஏற்கெனவே பார்த்ததாக இருக்கட்டும், நாலு மட்டும் புதிது. எல்லாமே வாயால் கேட்டு வாயால் சொல்வது. பத்து நிமிடம் தாண்டினால் பிள்ளை ஊகித்துச் சொல்ல ஆரம்பிக்கும், அந்தப் பதிலிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

"பத்தாக்குவது என்றால் என்ன? பள்ளியில் சொல்லித் தருகிற மாதிரி ஒன்றுக்குக் கீழ் ஒன்று எழுதி மேலே 1 போட்டால் ஆகாதா?"

எழுதிப் போடுவதற்கு அது நல்ல முறை. மனதுக்குள் போடும்போது மேலே போட்ட அந்த 1ஐ வைக்க இடம் இல்லை, மறந்துபோகும். அதற்குத்தான் பத்தாக்கல்.

8ம் 7ம் சேர வேண்டும். 8க்கு இன்னும் 2 கிடைத்தால் பத்து. அந்த 2ஐ 7லிருந்து எடுத்துக் கொடுக்கிறோம், 7ல் 5 மிச்சம். பத்தும் ஐந்தும் பதினைந்து. பெரியவர்களுக்கு இது ஒரே வேலையாகத் தெரிகிறது. பிள்ளைக்கு மூன்று வேலை: 8க்குக் கூட்டாளி 2 என்று தெரிய வேண்டும், 7ஐ 2ம் 5ம் ஆக உடைக்க வேண்டும், உடைத்ததில் மிச்சத்தை ஞாபகம் வைக்க வேண்டும். எது வரவில்லை என்பதைத் தப்பான பதிலே சொல்லிவிடும். 17 என்று சொன்னால் பத்தாக்கிவிட்டு, கொடுத்த 2ஐக் கழிக்காமல் 7ஐ முழுசாகச் சேர்த்திருக்கிறது. 14 என்று சொன்னால் பத்தாக்கவே இல்லை. 8ஐயும் ஒரு விரலாகச் சேர்த்து எண்ணியிருக்கிறது. 17க்கு மருந்து, புளியங்கொட்டையை எட்டும் ஏழுமாகப் பிரித்து வைத்து, இரண்டைக் கையால் நகர்த்த வைப்பது. நகர்ந்துபோன இரண்டு பழைய இடத்தில் இல்லை என்பதைக் கண் பார்த்துவிட்டால் 17 வராது. 14க்குக் கொட்டை உதவாது. முதலில் கூட்டாளிகளைப் பழக்க வேண்டும்: 9–1, 8–2, 7–3, 6–4, 5–5. நான் ஒன்று சொன்னால் பிள்ளை மற்றதைச் சொல்ல வேண்டும். படியில் இறங்கும்போதுகூடக் கேட்கலாம்.

ஒற்றை இலக்கத்தில் வந்துவிட்டால் அப்புறம் அதே வேலைதான். 48ம் 27ம்: 48க்கு 2 கொடுத்து 50, மிச்சம் 25, ஆக 75. கழித்தலில் பின்பக்கமாகப் போக வேண்டும். 52ல் 8 போக: முதலில் 2 போய் 50, இன்னும் 6 போய் 44. இதற்கு 56 என்று பதில் வந்தால், பிள்ளை 2லிருந்து 8 போகாது என்பதால் திருப்பிப்போட்டு 8ல் 2ஐக் கழித்து 6 என்று வைத்திருக்கிறது. 52ல் எதையோ எடுத்த பிறகு 52ஐ விட அதிகமாக இருக்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், தானே திருத்திக்கொள்ளும்.

100க்கு மீதிதான் கொஞ்சம் மோசமான பள்ளம். 64க்கு மீதி 46 என்று சொல்கிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். கூட்டாளி நன்றாகத் தெரிந்த பிள்ளைதான் இந்தத் தப்பைச் செய்யும். 6க்கு 4, 4க்கு 6, அதனால் 46! இரண்டு பக்கமும் பத்தாக்கிவிட்டது. ஒன்றுகள் சேர்ந்து ஏற்கெனவே ஒரு பத்து ஆகிவிட்டதால், பத்துகள் ஒன்பதாக இருந்தால்தான் நூறு வரும். இதை விளக்குவதை விடக் கடைக்காரர் சில்லறை கொடுப்பது போல் செய்து காட்டலாம். "64" என்று சொல்லி ஆறு ஒரு ரூபாயை ஒவ்வொன்றாக வையுங்கள், 65, 66 என்று 70 வரை. அப்புறம் மூன்று பத்து ரூபாய்: 80, 90, 100. கையில் இருப்பது 36.

"இரட்டிப்புக்குத் தனியாகப் பழக வேண்டுமா? இரண்டாம் வாய்ப்பாடுதானே?"

இரண்டாம் வாய்ப்பாடு 2×16ல் நின்றுவிடும். 37க்கு அது உதவாது. இடது பக்கமிருந்து போட வேண்டும்: 30க்கு 60, 7க்கு 14, ஆக 74. வலது பக்கமிருந்து போட்டால் 4 முதலில் வரும், சொல்லும்போதோ எழுபது முதலில் வர வேண்டும். மனதில் திருப்பிப் போட வேண்டிய வேலை கூடுதல். 64 என்று பதில் வந்தால் 14ல் இருந்த பத்து தொலைந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி பத்தாக்கலுக்கு ஒரு நாள் போய் வாருங்கள்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது இரட்டிப்பு ஏணி. 3, 6, 12, 24, 48, 96. எங்கே தடுமாறுகிறதோ அந்தப் படியை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நாளைய நாலு கணக்கில் அது ஒன்று. 7லிருந்து ஏறினால் 7, 14, 28, 56. இதில் ஏழிரண்டு, ஏழுநாலு, ஏழெட்டு மூன்றும் வந்துவிடுகின்றன. ஏழெட்டு மறந்துபோன பிள்ளை பாட்டை முதலிலிருந்து பாடாமல் மூன்று படி ஏறினால் போதும்.

"பாதிதான் வரவே மாட்டேன் என்கிறது. 70ல் பாதி என்றால் முழிக்கிறான்."

மூன்றிலும் கஷ்டமானது இதுதான், அதனால் இதற்கு அதிக நாள் கொடுங்கள். 80ன் பாதி 40 என்று உடனே சொல்கிற பிள்ளை 70ல் நிற்கிறது. 8ஐ இரண்டாகப் பிரிக்கலாம், 7ஐ முழுசாகப் பிரிக்க முடியாது. அந்த ஏழாவது பத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. சிலர் அதை விட்டுவிட்டு 30 என்கிறார்கள், சிலர் தாராளமாக 40 என்கிறார்கள்.

ஏழு பத்து ரூபாய் நோட்டை எடுத்து வையுங்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் சமமாகப் பங்கு. ஆளுக்கு மூன்று போக நடுவில் ஒன்று மிஞ்சும். அதை என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சொல்லித் தராதீர்கள். பெரும்பாலும் பிள்ளையே "மாத்தணும்" என்று சொல்லும். மாற்றினால் இரண்டு ஐந்து ரூபாய், ஆளுக்கு 35.

இதை மூன்று நாள் செய்த பிறகு ரூபாய் நோட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு பழக்கம்: பத்துகள் ஒற்றைப்படையில் இருந்தால் ஒரு பத்தை ஒன்றுகளோடு சேர்த்துப் பேசுவது. 76ஐ 70ம் 6ம் என்று உடைக்காமல் 60ம் 16ம் என்று உடைத்தால் 30ம் 8ம், ஆக 38. 58 என்பது 40ம் 18ம், ஆக 20ம் 9ம், 29. 94 என்பது 80ம் 14ம், ஆக 47. எப்படி உடைப்பது என்று தெரிந்துவிட்டால் பாதியாக்குவதில் பெரிய வேலை இல்லை.

35ல் பாதி வரும்போது "மிஸ், பிரிக்க முடியாது" என்பார்கள். தமிழில் இதற்கு அருமையான வசதி இருக்கிறது. பதினேழரை. "இரண்டரை வயசு", "ஒன்றரை லிட்டர்" என்று தினம் பேசுகிற பிள்ளைக்குப் பதினேழரை புதிதில்லை. 17.5 என்று எழுதும் தசமத்தை அதற்குப் பிறகு காட்டினால் போதும். தாத்தா பாட்டி இருந்தால் நாலணா, எட்டணா கணக்கையும் கேட்டு வரச் சொல்லுங்கள். எட்டணா அரை ரூபாய், நாலணா அதில் பாதி, அதாவது கால் ரூபாய். பாதியில் பாதி கால், கால்வாசியில் பாதி அரைக்கால். இந்தச் சொற்களுக்குள்ளேயே பாதியாக்கும் ஏணி இருக்கிறது.

"நாங்கள் புதுச்சேரியில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், பள்ளியில் வேறு மொழி. மனக்கணக்கை எந்த மொழியில் கேட்பது?"

எந்த மொழியில் பிள்ளை தானாக எண்ணுகிறதோ அதில். மாடிப்படியை எண்ணச் சொல்லுங்கள், எந்த மொழியில் வருகிறது என்று தெரிந்துவிடும். ஒரு நாள் தமிழ், ஒரு நாள் ஆங்கிலம் என்று மாற்றினால் கணக்குப் போடுகிற நேரத்தோடு மொழி மாற்றுகிற நேரமும் சேர்ந்துவிடும். நோட்டில் "மெதுவாக" என்று தப்பாகக் குறிப்பீர்கள்.

பத்தாக்கலுக்குத் தமிழ் எண்கள் நன்றாக ஒத்துழைக்கின்றன. பதினைந்து என்ற சொல்லே பத்தும் ஐந்தும்தான். 8ம் 7ம் பத்தும் ஐந்துமாக மாறியதும் பதில் வாயிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு குழியும் உண்டு. 90க்குத் தொண்ணூறு, 900க்குத் தொள்ளாயிரம். 90ன் பெயரில் நூறு கேட்கிறது, 900ன் பெயரில் ஆயிரம் கேட்கிறது. 90ஐ இரட்டிக்கச் சொன்னால் 1800 என்று பதில் வந்தால் கணக்கில் பிழை இல்லை, காதில் விழுந்த பெயரில்தான் பிழை. அந்த எண்ணை மட்டும் எழுதிக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

பாதியாக்கலைப் பற்றி நான் கற்றுக்கொண்ட ஒரு நல்ல விஷயம் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படிக்கும் ஒரு சிறுமியிடமிருந்து வந்தது. விடுமுறைக்குக் கடலூரில் பாட்டி வீட்டுக்கு வந்திருந்தாள். என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் 76ல் நின்றபோது அவள் மட்டும் சட்டென்று 38 என்றாள். எப்படி என்று கேட்டேன். "எங்க ஸ்கூல்ல 76ஐ அறுபது-பதினாறுன்னுதான் சொல்லுவோம்" என்றாள். பிரெஞ்சில் 70க்குத் தனிப்பெயர் இல்லை, அறுபது-பத்து என்றுதான் பெயர். 76 அறுபது-பதினாறு. 90 நான்கு-இருபது-பத்து, அதாவது எண்பதும் பத்தும். நாம் நோட்டில் எழுதி எழுதிப் பழக்குகிற அந்த உடைப்பு அவளுக்கு எண்ணின் பெயரிலேயே கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து என் வகுப்பில் பாதி கேட்கும் நேரத்தில் மட்டும் 76ஐ "அறுபது-பதினாறு" என்றும் 94ஐ "எண்பது-பதினான்கு" என்றும் தமிழிலேயே சொல்ல வைக்கிறோம். பெயர் மாற்றிச் சொல்லும் விளையாட்டு இரண்டு நாளில் பிடித்துவிடுகிறது. பிரெஞ்சில்கூட 50க்கு இந்த உதவி இல்லை, 58ஐ நாமே நாற்பது-பதினெட்டு என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

"முன்னேற்ற அட்டவணை என்கிறீர்களே, அதில் என்ன எழுத வேண்டும்? மார்க்கா?"

மார்க் வேண்டாம். 12க்கு 10 என்று எழுதினால் அந்தப் பத்தும் எப்படி வந்தது என்று தெரியாது. மூன்று குறிதான்.

உ என்றால் உடனே. கேட்டு முடித்ததும் உங்கள் மனதுக்குள் நிதானமாக மூன்று எண்ணுவதற்குள் வந்த சரியான பதில். யோ என்றால் யோசித்து. பதில் சரி, ஆனால் மூன்றுக்கு மேல் ஆயிற்று, இல்லையென்றால் விரல் வந்தது. த என்றால் தவறு. த போட்டால் பக்கத்திலேயே பிள்ளை சொன்ன பதிலையும் எழுத வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், இந்த நோட்டிலேயே விலை உயர்ந்தது அந்தத் தப்பான பதில்தான்.

கடைசியில் ஒரு கட்டம்: எப்படி? ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்குக்கு "இதை எப்படிப் போட்ட?" என்று கேட்டு, பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள். சரியான பதிலுக்கும் சில நாள் கேளுங்கள், இல்லையென்றால் "எப்படி" என்ற சொல்லைக் கேட்டதுமே தப்பு என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

ஒரு பிள்ளையின் இரண்டு நாள் பக்கம் இது:

| நாள் | பத்தாக்கல் | இரட்டிப்பு | பாதி | எப்படி? |
|---|---|---|---|---|
| திங்கள் | உ, யோ, உ, த (9+6: 16) | உ, உ, யோ, யோ | உ, த (70: 30), த (34: 12), யோ | "எழுவதுல பாதி மூணு மூணு" |
| செவ்வாய் | உ, யோ, யோ, உ | உ, யோ, உ, த (37: 64) | த (50: 20), யோ, உ, த (76: 33) | "அறுபதும் பதினாலும் அறுபத்து நாலு" |

மூன்று வெவ்வேறு நாளில் உ வாங்கிய கணக்கைத் தினப் பட்டியலிலிருந்து எடுத்துச் சனிக்கிழமைப் பக்கத்துக்கு மாற்றுங்கள். சனிக்கிழமை அது யோ ஆகிவிட்டால் தினப் பட்டியலுக்குத் திரும்பி வரும். பிள்ளையே அடித்து மாற்றி எழுதட்டும், அந்த வேலை அவர்களுக்குப் பெருமையாக இருக்கிறது.

"அவன் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறான். இவ்வளவு குறித்து என்ன தெரியப்போகிறது?"

மேலே இருக்கிற பக்கத்துக்காரனின் கதையையே சொல்கிறேன். முதுநகர் பையன், நாலாவது. முதல் வாரம் ஐந்து நாளில் 60 கணக்கு. 49 சரி. அவனுடைய அம்மாவுக்குத் திருப்தி. குறிகளைத் தனித்தனியாகக் கூட்டினால் உ 21, யோ 28, த 11. சரியான 49ல் பாதிக்கு மேல் எண்ணி எண்ணி வந்தவை.

அந்த 11 தவறில் எட்டு பாதியில். அவன் சொன்ன பதில்களைச் சனிக்கிழமை வரிசையாக எழுதினேன். 70க்கு 30, 34க்கு 12, 50க்கு 20, 76க்கு 33, 90க்கு 40, 58க்கு 24, 30க்கு 10, 94க்கு 42. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரியான பதிலை அவனையே எழுத வைத்தேன்: 35, 17, 25, 38, 45, 29, 15, 47. கொஞ்ச நேரம் பார்த்தான். "எல்லாத்துலயும் அஞ்சு கம்மி" என்றான்.

எட்டுத் தப்பு இல்லை, ஒரே தப்பு எட்டு முறை. மிஞ்சிய பத்தின் பாதியான ஐந்தை ஒவ்வொரு தடவையும் கீழே போட்டுவிட்டு வந்திருக்கிறான். 12க்கு 10, 12க்கு 9 என்று மட்டும் எழுதியிருந்தால் அவனுக்குப் "பாதி வீக்" என்று சொல்லி இன்னும் ஐம்பது கணக்கு கொடுத்திருப்பேன், ஐம்பதிலும் ஐந்தைத் தொலைத்திருப்பான்.

இரண்டாவது வாரம் மூன்று நாள் ரூபாய் நோட்டு, இரண்டு நாள் அறுபது-பதினாறு விளையாட்டு. பாதியில் தவறு எட்டிலிருந்து மூன்றாயிற்று. ஆனால் மொத்த உ 21லிருந்து 18ஆகக் குறைந்தது. அம்மா கவலைப்பட்டார். முன்பு 68க்கு யோசிக்காமல் 34 என்று சொன்னவன், இப்போது மிஞ்சுகிற பத்து இருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறான், அதனால் உ யோவாகிறது. புது முறை வரும்போது ஒரு வாரம் வேகம் இறங்குவது வழக்கம். த குறைந்து யோ கூடினால் பயப்பட வேண்டாம். இரண்டும் சேர்ந்து கூடினால்தான் புதிய கணக்கை நிறுத்திவிட்டுப் பழையதற்குப் போக வேண்டும். மூன்றாவது வாரம் அவனுக்கு உ 27, ஐந்தாவது வாரம் 43.

"நோட்டுக்குப் பதில் போனில் ஷீட்டில் வைத்துக்கொள்ளலாமா?"

வைக்கலாம். A கட்டத்தில் தேதி, B முதல் M வரை 12 கணக்கு, அதில் கடைசி நாலு பாதி. தவறானால் "த 30" என்று பதிலையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைய உ எத்தனை, பாதியில் தவறு எத்தனை என்று எண்ண:

```
=COUNTIF(B2:M2,"உ")
=COUNTIF(J2:M2,"த*")
```

ஆனால் போனைப் பிள்ளை முன்னால் வைத்துக் குறிக்காதீர்கள், கவனம் அதற்குப் போய்விடும். பேப்பரில் குறித்து இரவில் ஏற்றுங்கள்.

"ஸ்டாப்வாட்ச் வைத்து ஓட்டினால் வேகம் வருமே?"

முதல் மாதம் வேண்டாம். கடிகாரம் தெரிந்தால் பிள்ளை பழகிய விரலுக்கே திரும்பிவிடும், புது முறையை முயற்சி செய்யாது. மூன்று எண்ணுவது உங்கள் மனதுக்குள் மட்டும். சனிக்கிழமைப் பக்கத்தில் நாற்பது கணக்கு சேர்ந்த பிறகு, பிள்ளை ஆசைப்பட்டால், தன்னுடைய போன வார நேரத்தோடு போட்டி போடட்டும். அண்ணன் தம்பிக்குள் போட்டி வைக்காதீர்கள்.

"அபாகஸ் வகுப்புக்கும் போகிறாள். இரண்டும் குழம்புமா?"

குழம்பாது. அபாகஸிலும் பத்துக்குக் கூட்டாளி உண்டு. 8ல் 7ஐக் கூட்ட இடம் போதாதபோது 3ஐ இறக்கிவிட்டு அடுத்த கம்பியில் ஒரு பத்தை ஏற்றுவார்கள். 7க்குக் கூட்டாளி 3 என்பதால் அப்படி. நாம் 8க்குக் கூட்டாளியைப் பார்க்கிறோம், அவர்கள் 7க்குக் கூட்டாளியைப் பார்க்கிறார்கள். காற்றில் மணி நகர்த்தி உடனே சரியாகச் சொன்னால் அதற்கும் உ போடலாம். ஆனால் பாதியாக்குவதை மட்டும் மேலே சொன்ன மாதிரி உடைத்துப் பழகட்டும்.

"இதை எங்கே பயன்படுத்துவது? பாடப்புத்தகத்தில் பெருக்கல், வகுத்தல்தானே வருகிறது?"

பெருக்கலிலேயே பயன்படும். 5ஆல் பெருக்குவது பத்தால் பெருக்கிப் பாதியாக்குவது: 36×5க்கு 360ல் பாதி, 180. 16×25 என்றால் ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் இரட்டிப்பு: 8×50, மறுபடி 4×100, ஆக 400. 4ஆல் வகுப்பது இரண்டு முறை பாதி. ஆனால் 17×25க்கு இது நேராக ஓடாது, 17 பாதியாகாது. 16×25ஐப் போட்டு இன்னொரு 25 சேர்க்க வேண்டும், 425. பிள்ளை 17க்குப் பாதி 8 என்று வைத்து 400 சொல்லிவிடும், கவனியுங்கள்.

கடைக்குக் கூட்டிப் போங்கள். பண்ருட்டி முந்திரி கிலோ 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ 450, கால் கிலோ 225. ஒன்பது நூறின் பாதி, அப்புறம் நானூற்று ஐம்பதின் பாதி. முதலாவதில் மிஞ்சுகிற பத்து இப்போது மிஞ்சுகிற நூறாக வந்திருக்கிறது, இரண்டாவதில் அதே மிஞ்சுகிற பத்து. அங்கிருந்து 100 கிராம் விலைக்குப் பாதியாக்கிக்கொண்டே போனால் கிடைக்காது. 250ல் பாதி 125 கிராம், அதில் பாதி அறுபத்திரண்டரை, 100ஐத் தாண்டிக் குதித்துவிடும். கிலோ விலையைப் பத்தாகப் பிரிக்க வேண்டும், 90 ரூபாய். எந்த வித்தை எங்கே நிற்கும் என்பது பிள்ளைக்குக் கடை வாசலில்தான் நன்றாக உறைக்கிறது.

"நவம்பர் மழையில் பள்ளி லீவு, பத்து நாள் விட்டுப்போயிற்று. விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?"

வேண்டாம். முதல் இரண்டு நாள் சனிக்கிழமைப் பக்கம் மட்டும். அதில் யோ ஆனவற்றை எடுத்து மூன்றாம் நாள் பட்டியல் போடுங்கள். பாதிதான் முதலில் மறக்கும், பத்துக்குக் கூட்டாளி பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

"இரண்டு மாதம் ஆகியும் 6க்குக் கூட்டாளி 4 என்பதே நிற்கவில்லை. இன்னும் அதிகமாகப் பழக்க வேண்டுமா?"

அதிகமாக வேண்டாம். எட்டு வாரம் ஒழுங்காகச் செய்த பிறகும் கூட்டாளிகள் தினமும் புதிதாகவே இருந்தால், 47 பெரிதா 74 பெரிதா என்பதில் குழப்பம் இருந்தால், மூன்று கொட்டையைக் கண்டதும் மூன்று என்று சொல்ல முடியாமல் எண்ணினால், அந்த நோட்டோடு வகுப்பாசிரியரைப் பாருங்கள். கண், காது பரிசோதனையும் செய்துவிடுங்கள். தேவைப்பட்டால் கற்றல் குறைபாடு பார்க்கும் சிறப்பாசிரியரிடம் அனுப்புவார்கள். பிள்ளை சொன்ன பதில்களும் தேதியும் எழுதிய அந்த நாற்பது பக்கம் அவர்களுக்கு ரொம்ப உதவும்.

"அட்டவணையை எப்போது நிறுத்துவது?"

இரண்டு வாரம் தொடர்ந்து 12க்கு 10 உ வந்தால் இரண்டிலக்கம் போதும். மூன்றிலக்கத்துக்குப் போகலாம்: 180ல் பாதி, 145ஐ இரட்டிப்பது, 398ம் 47ம். இன்னொரு அடையாளம் "எப்படி?" கட்டத்தில் வரும். ஆரம்பத்தில் நீளநீளமாக வரும் பதில் போகப் போகச் சுருங்கும். முதுநகர் பையன் ஏழாவது வாரம் 76க்கு உடனே 38 என்றான். எப்படி என்று கேட்டேன். "தெரியும் மிஸ்" என்றான். அதையே எழுதிவிட்டு 76ஐப் பட்டியலிலிருந்து அடித்தோம்.